கப்பலா, கடையா: சரக்கின் தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வெளியே கொள்கலன் கப்பல்கள் வரிசைகட்டி நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக ஒரு நாளுக்கும் குறைவாகவே காத்திருக்கும் கப்பல்கள் அப்போது சராசரியாக இரண்டு, மூன்று நாள்கள் காத்திருந்தன. 2023 நவம்பரில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. அவற்றின் கால அட்டவணை குலைந்தது. தனித்தனியாக வரவேண்டிய கப்பல்கள் ஒரே நேரத்தில் கூட்டமாக வந்து சேர்ந்தன. மூடிவைத்திருந்த கெப்பல் முனையத்தின் பழைய தளங்களைச் சிங்கப்பூர் மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. நெரிசலுக்கு அஞ்சித் திரும்பிய கப்பல்களால் கிள்ளான் துறைமுகமும் திணறியது.

அந்த மாதங்களில் கடையில் எந்தப் பொருள் இல்லையென்றாலும் ஒரே பதில்தான்: "கப்பல் தாமதம்." செங்கடலையே தொடாமல் சென்னையிலிருந்து நேராகக் கிள்ளான் வரும் சரக்கும் தாமதமானது. காரணம், வந்து நிற்க வேண்டிய துறைமுகம் ஒன்றுதானே.

இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடைக்காரர் சொல்லும் அந்தத் தாமதம் முழுவதும் கப்பலுடையதுதானா? காலத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கலாம்.

ஒரு நீளம், நான்கு துண்டுகள்

பொருள் தீரப்போகிறது என்ற நிலை வந்த நாளிலிருந்து, புதிய சரக்கு விற்பனைக்குத் தயாராக ரேக்கில் உட்காரும் நாள் வரை ஆகும் காலத்தை வணிகத்தில் 'லீட் டைம்' என்பார்கள். பலர் இதை ஒரே எண்ணாகவே வைத்திருக்கிறார்கள். "சென்னைச் சரக்கா? ஒரு மாதம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, ஆர்டர் வேலை. கையிருப்பு குறைந்ததைக் கவனிப்பது, முதலாளி ஒப்புதல் தருவது, விற்பவருக்கு ஆர்டர் அனுப்புவது, அவர் சரக்கைக் கட்டி லோரியில் ஏற்றுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, பயணம். விற்பவரின் வாசலிலிருந்து நம் கிடங்கின் வாசல் வரை. மூன்றாவது, பெறுதல். கொள்கலனைத் திறந்து, இறக்கி, எண்ணி, சேதம் பார்த்து, வரவுச் சீட்டில் கையெழுத்திடுவது. நான்காவது, அடுக்குதல். எண்ணிய பெட்டிகளை அவற்றுக்குரிய ரேக்கில் வைத்து, கணினியில் இடத்தைப் பதிவது.

நான்கையும் அளக்க ஐந்து நேரங்கள் போதும்: கையிருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிய நேரம், சரக்கு விற்பவரிடமிருந்து கிளம்பிய நேரம், நம் வாசலுக்கு வந்த நேரம், எண்ணி முடித்த நேரம், ரேக்கில் வைத்துப் பதிந்த நேரம். அடுத்தடுத்த இரண்டு நேரங்களுக்கு நடுவே இருப்பது ஒரு துண்டு.

கிள்ளானில் ஒரு பாத்திரக்கடை

கணக்குக்காகக் கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அது சென்னையிலிருந்து எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குமதி செய்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 40 பெட்டிகள் விற்கின்றன. ஒரு பெட்டியின் விலை 150 ரிங்கிட். மாதம் ஒரு கொள்கலன் வருகிறது.

கடந்த பன்னிரண்டு ஆர்டர்களின் தேதிகளைப் பிரித்து எழுதியபோது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: ஆர்டர் வேலைக்கு 9 நாள், பயணத்துக்கு 14 நாள், பெறுதலுக்கு 3 நாள், அடுக்குதலுக்கு 2 நாள். மொத்தம் 28 நாள்.

பார்த்தவுடன் கை எங்கே போகும்? 14 நாள் எடுக்கும் பயணத்தின் மேல்தான். "வேகமான கப்பல் இருக்கிறதா?" என்று முதலாளி கேட்பார். ஆனால், அந்த 14 நாளையும் பிரித்தால் கப்பல் கடலில் ஓடுவது 6 நாள் மட்டுமே. சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலுக்காகக் காத்திருப்பது 3 நாள். கிள்ளானில் தளம் கிடைத்து இறக்குவதற்கு 3 நாள். சுங்கச் சோதனைக்கும் கிடங்குக்குக் கொண்டுவருவதற்கும் 2 நாள்.

ஆர்டர் வேலையின் 9 நாளைப் பிரித்தாலும் அதே கதைதான். விற்பவர் சரக்கைக் கட்ட எடுப்பது 3 நாள். மற்ற 6 நாளில் யாரும் எதையும் தூக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. கையிருப்பை திங்கட்கிழமை மட்டுமே பார்க்கும் வழக்கத்தால் சராசரியாக 3 நாள் போகிறது. வெளியூர் போன முதலாளியின் கையெழுத்துக்கு 2 நாள். "நீங்கள் கேட்டது 24 சென்டிமீட்டரா, 26ஆ?" என்று விற்பவர் திருப்பிக் கேட்பதற்கு 1 நாள்.

நீளத்தைவிட ஆட்டம் முக்கியம்

இனித்தான் முக்கியமான இடம். ஒரு துண்டு எவ்வளவு நீளம் என்பதோடு, ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சரக்கு தவறாமல் 28ஆம் நாள் வந்தால், 28 நாளுக்கு முன்பே ஆர்டர் செய்துவிடலாம். பெரிய சிக்கல் இல்லை. ஒருமுறை 23 நாளிலும் மறுமுறை 35 நாளிலும் வந்தால்தான் கூடுதல் சரக்கைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதைக் காப்பு இருப்பு என்பார்கள்.

ஒரு துண்டின் ஆட்டத்தைத் திட்ட விலக்கம் என்ற அளவால் சொல்லலாம். பள்ளிப் புள்ளியியலில் வரும் அதே அளவுதான். நம் கடையில் ஆர்டர் வேலையின் திட்ட விலக்கம் 3 நாள், பயணத்தினுடையது 2 நாள், பெறுதலினுடையது ஒன்றரை நாள், அடுக்குதலினுடையது 1 நாள் என்று கொள்வோம். ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது என்றால், இவற்றின் வர்க்கங்களைக் கூட்டலாம்: 9 + 4 + 2.25 + 1 = 16.25. நீளம் அதிகமுள்ளது பயணம். ஆட்டம் அதிகமுள்ளது ஆர்டர் வேலை. இந்த வேறுபாட்டைத்தான் "ஒரு மாதம்" என்ற ஒற்றை எண் மறைத்துவிடுகிறது.

காப்பு இருப்பைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

SS = z × √(L × σd² + d² × σL²)

L என்பது மொத்த நாள்கள். d என்பது ஒரு நாள் விற்பனை. σd விற்பனையின் ஆட்டம். நம் கடையில் நாளுக்கு 10 பெட்டி என்று கொள்வோம். σL² என்பது மேலே கூட்டிய 16.25. நூற்றுக்கு 95 முறை சரக்குத் தீராமல் இருக்க வேண்டுமென்றால் z ஏறக்குறைய 1.65. எண்களைப் போட்டால் 280 பெட்டிகள் வரும்.

இப்போது ஒரு சோதனை செய்வோம். லீட் டைமில் 3 நாளைக் குறைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் மொத்தம் 25 நாளாகிவிடும்.

முதல் வழி, பயணத்தில் 3 நாள் குறைப்பது. வேகமான கப்பல் சேவைக்கு மாறுகிறோம். ஆட்டம் அப்படியே இருக்கிறது. காப்பு இருப்பு 280இலிருந்து சுமார் 279 ஆகிறது. மிச்சம் ஒரே ஒரு பெட்டி.

இரண்டாவது வழி, ஆர்டர் வேலையில் 3 நாள் குறைப்பது. கையிருப்பைத் தினமும் பார்க்கிறோம். குறிப்பிட்ட தொகைக்குள் இருக்கும் வழக்கமான ஆர்டருக்கு முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லை. இதனால் நாளும் குறைகிறது, ஆட்டமும் 3 நாளிலிருந்து 1 நாளுக்கு இறங்குகிறது. காப்பு இருப்பு சுமார் 207 ஆகிறது. மிச்சம் 73 பெட்டி.

மூன்றாவது வழி, பெறுதலிலும் அடுக்குதலிலும் சேர்த்து 3 நாள் குறைப்பது. கொள்கலன் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு ஆள்களை ஒதுக்குகிறோம். பொருள் பட்டியலை முன்பே வாங்கி, எது எந்த ரேக்குக்குப் போகும் என்று முடிவு செய்துவைக்கிறோம். இரண்டின் ஆட்டமும் அரை நாளாகிறது. காப்பு இருப்பு 256 ஆகிறது. மிச்சம் 24 பெட்டி.

மூன்றிலும் குறைந்தது அதே 3 நாள்தான். ஆனால், மிச்சமானது 1, 73, 24 பெட்டிகள்.

அந்த நாளில் பணம் யாருடையது?

இத்தோடு நிறுத்தினால் கணக்கு பாதிதான். காப்பு இருப்பில் மட்டுமன்றி, வந்துகொண்டிருக்கும் சரக்கிலும் பணம் முடங்குகிறது. சரக்கு கிளம்பும்போதே கடை பணம் கட்டிவிடுகிறது என்றால், அதன்பின் போகும் ஒவ்வொரு நாளும் 40 பெட்டிகளின் விலை சும்மா கிடக்கிறது.

அப்படிப் பார்த்தால் பயணத்தில் 3 நாள் குறையும்போது 120 பெட்டிகளின் பணம், அதாவது 18,000 ரிங்கிட், விடுபடுகிறது. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால், அது ஆண்டுதோறும் கிடைக்கும் லாபம் அன்று. ஒருமுறை கைக்குத் திரும்பும் முதல். வங்கி வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று கொண்டால் அதன் பயன் ஆண்டுக்கு 1,080 ரிங்கிட். பன்னிரண்டு கொள்கலனுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 90 ரிங்கிட். காப்பு இருப்பில் மிச்சமான ஒரு பெட்டி இதில் பெரிதாக எதையும் மாற்றாது. ஆக, வேகமான கப்பலுக்கு ஒரு கொள்கலனுக்கு 90 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதலாகக் கேட்டால், இந்தக் கடைக்கு அது நட்டம்.

பெறுதல், அடுக்குதல் கணக்கோ இன்னும் சுவையானது. பணம் கட்டி, கடல் கடந்து, சுங்கம் கடந்து வந்த சரக்கு நம் கிடங்குத் தரையிலேயே 5 நாள் கிடக்கிறது. அதை 2 நாளாக்கினால் அதே 120 பெட்டிகளின் பணம் விடுபடும். காப்பு இருப்பில் 24 பெட்டியும் குறையும். செலவோ ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பட்டியலும்தான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வாங்க வந்தவரிடம் "சரக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, அதே பாத்திரம் பின்கட்டில் பிரிக்கப்படாத பெட்டியில் இருப்பதை அன்று மாலை கண்டுபிடிப்பதைவிட வருத்தமான இழப்பு ஒரு கடைக்கு உண்டா?

ஆர்டர் வேலையைச் சுருக்குவதில் இந்த 120 பெட்டிக் கணக்கு வராது. அப்போது இன்னும் பணம் கட்டவில்லை. ஆனால், காப்பு இருப்பில் குறையும் 73 பெட்டிகள் 10,950 ரிங்கிட் மதிப்புள்ளவை. கிடங்கில் இடத்தையும் அடைத்துக்கொண்டிருப்பவை. கடலில் மிதக்கும் சரக்கு கிடங்கு வாடகை கேட்பதில்லை; காப்பு இருப்பு கேட்கும்.

ஆகவே இந்தக் கடையின் வரிசை தெளிவு. முதலில் சொந்தக் கிடங்கு, பிறகு சொந்த மேசை, கடைசியில் கப்பல். மிக நீளமான துண்டு கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

எல்லாச் சரக்குக்கும் இந்த வரிசை பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் மல்லிகைப்பூ விமானத்தில்தான் வருகிறது. ஓரிரு நாளில் வாடிவிடும் பொருளுக்குப் பயண நேரமே விலை. எடை குறைந்து விலை மிகுந்த கைத்தொலைபேசி போன்றவற்றுக்கும் விமானக் கட்டணம் கட்டுப்படியாகும். எவர்சில்வர் பாத்திரம் வாடுவதில்லை.

பயணத்தின் மேல் விழும் வீண்பழி

துண்டுகளைத் தனித்தனியாகக் கூட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது என்று மேலே கொண்டோம். நடைமுறையில் அது எப்போதும் உண்மையன்று.

சென்னையிலிருந்து கப்பல் வியாழன்தோறும் மட்டும் கிளம்புகிறது என்றும், செவ்வாய் மாலைக்குள் கொள்கலன் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். இங்கே கையெழுத்து ஒரு நாள் தாமதமானதால் கொள்கலன் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. அது அடுத்த வாரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மேசையில் நடந்த ஒரு நாள் தாமதம் துறைமுகத்தில் ஒரு வாரமாகிவிட்டது. ஆனால், ஏட்டில் அந்த வாரம் 'பயணம்' என்ற பத்தியில்தான் பதிவாகும். பார்ப்பவர் கப்பல் நிறுவனத்தைத் திட்டுவார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீண்ட பயணங்களின் பட்டியலை எடுத்து, அந்தச் சரக்குகள் எந்தக் கிழமையில் கிளம்பின என்று பாருங்கள். தாமதமானவை எல்லாம் புதன், வியாழனில் கிளம்பியவையாக இருந்தால், நோய் கடலில் இல்லை. இதே காரணத்தால், ஆர்டர் வேலையில் ஒரு நாள் குறைத்தால் சில வாரங்களில் எதுவும் மாறாது. வேறு சில வாரங்களில் ஏழு நாள் மிச்சமாகும்.

நெரிசல் காலத்தில் கணக்கு மாறும்

2024இல் போல் துறைமுகம் திணறும்போது பயணத்தின் ஆட்டம் கூடிவிடும். நம் கடையில் அது 2 நாளிலிருந்து 5 நாளானது என்று வைத்தால், சராசரி 28 நாளிலேயே நின்றாலும் காப்பு இருப்பு 280இலிருந்து சுமார் 412 பெட்டியாக உயர்ந்துவிடும். இப்போது பயணம்தான் முதல் பிரச்சினை.

அப்போதும் தீர்வு வேகம் அன்று. இரண்டு நாள் மெதுவான, ஆனால் சொன்ன நாளில் வரும் இன்னொரு சேவை இருக்கிறது என்போம். அதில் மொத்தம் 30 நாள், பயணத்தின் ஆட்டம் பழையபடி 2 நாள். காப்பு இருப்பு சுமார் 281 போதும். வழியில் 80 பெட்டி கூடுதலாக மிதக்கும். கையிருப்பில் 131 பெட்டி குறையும். மெதுவான கப்பலே இங்கே மலிவு.

அளவை ஏமாற்றும் மூன்று பழக்கங்கள்

இந்தக் கணக்கு தேதிகளை நம்பியே நிற்கிறது. தேதி பொய்த்தால் முடிவும் பொய்க்கும்.

முதலாவது, வரவுச் சீட்டில் எண்ணி முடித்த நாளுக்குப் பதிலாக லோரி வந்த நாளையே எழுதிவிடுவது. அப்படி எழுதினால் பெறுதலுக்கு எப்போதும் பூஜ்ஜிய நாள்தான். ஒரு துண்டு ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியம் காட்டினால், அது மிக விரைவான வேலை என்று மகிழாமல், தேதியை யார், எப்போது எழுதினார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஆர்டர் அனுப்பிய நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவது. அப்போது கையிருப்பு குறைந்ததை யாரும் கவனிக்காத 3 நாளும் கையெழுத்துக்குக் காத்திருந்த 2 நாளும் ஏட்டிலிருந்தே காணாமல் போகின்றன. நம் கடையில் குறைப்பதற்கு எளிதானவை அவைதாம்.

மூன்றாவது, அளவைக் குறைக்க வேலையையே குறைப்பது. பெறுதலை விரைவாக்குகிறோம் என்று பெட்டிகளை எண்ணாமல் ரேக்கில் ஏற்றினால் ஏட்டில் நாள் குறையும். ஆனால், கணினி 60 பெட்டி இருப்பதாகச் சொல்லும். ரேக்கில் 48 இருக்கும். கணினியை நம்பி அடுத்த ஆர்டர் தாமதமாகப் போகும். மிச்சம் பிடித்த நாள்கள் வேறு வழியில் கைநழுவிவிடும். எண்ணுவது வேலை, எண்ணுவதற்கு ஆள் வரும் வரை பெட்டி கிடப்பது காத்திருப்பு. குறைக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

எஸ்.பி.எம். முடிந்த விடுமுறையிலோ கல்லூரிப் பயிற்சிக் காலத்திலோ நீங்கள் ஒரு கிடங்கில் வேலை செய்ய நேர்ந்தால், ஒரு பழைய ஆர்டரின் காகிதங்களைக் கேட்டு வாங்கி அந்த ஐந்து நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்தில் எதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையோ, அதன் இரு பக்கத்துத் துண்டுகளில்தான் பெரும்பாலும் தாமதம் ஒளிந்திருக்கும்.